எடைக் குறிக்கு முன் இரண்டு கேள்விகள்

உடல் பருமனுள்ள 42 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். உயரம் 158 செ.மீ., எடை 92 கிலோ. மூன்று மாதங்களுக்கு முன் அவருடைய ஃபைலில் ‘1,200 கலோரி உணவு, 10 கிலோ குறைக்க வேண்டும்’ என்று எழுதி அனுப்பினார்கள். திரும்பி வரும்போது எடை 94. “காலையில ஒண்ணுமே சாப்பிடறதில்லை டாக்டர்” என்கிறார். அது பொய்யில்லை. ராத்திரியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இம்முறை டாக்டர் முதலில் கேட்கிறார்: “சாப்பிட ஆரம்பிச்சா நிறுத்த முடியாமப் போகுதாம்மா?” குறுகிய நேரத்தில் மிக அதிகமாக, கை கட்டுப்படாமல் சாப்பிடுவது, வயிறு வலிக்கும்வரை, யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வெட்கப்படுவது, வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதங்கள் இப்படி நடப்பது. இதுதான் பெருந்தீனிக் கோளாறு. சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி எடுப்பதோ பேதி மருந்து குடிப்பதோ இருந்தால் அது வேறு நோய். அதையும் கேட்டுவிட வேண்டும்.

அவர் இல்லை என்கிறார். அடுத்த கேள்வி: “ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் என்ன சாப்பிடுவீங்க?” சற்றுத் தயங்கிச் சொல்கிறார்: வீடு அடங்கிய பிறகு கொஞ்சம் மிக்சர், வாரத்தில் நான்கு நாள் ஒரு மணிக்கு விழிப்பு வந்து பாலும் பிஸ்கட்டும். ஏதாவது சாப்பிட்டால்தான் மறுபடி தூக்கம் வரும். கணக்குப் போட்டால் நாள் முழுவதும் 2,000 கலோரி, அதில் இரவு உணவுக்குப் பின் மட்டும் 600. அதாவது 30 சதவீதம். கால் பங்கைத் தாண்டினாலோ, வாரம் இரு முறையாவது எழுந்து சாப்பிட்டாலோ இரவு உண்ணும் நோயைச் சந்தேகிக்கலாம். 1955இல் இதை முதலில் விவரித்தவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட். காலையில் பசியில்லாமல் இருப்பதும் இதன் அடையாளமே.

அவசரப்பட்டு முடிவு கட்டவும் கூடாது. சாப்பிட்டது காலையில் நினைவில்லை என்றால் சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டும். இன்சுலின் போடுபவர் பசித்து விழித்தால் அந்த நேரத்தில் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும், அது இறங்கியிருக்கலாம். கேள்வித்தாள் சல்லடை மட்டுமே. நோய் இதுதான் என்று உறுதி செய்ய மனநல மருத்துவரோ உளவியலாளரோ உட்கார்ந்து பேச வேண்டும்.

கண்டிப்பான பட்டினி பெருந்தீனியைத் தூண்டிவிடலாம். எட்டாத எண்ணை எழுதிவிட்டால், அடுத்த முறை நோயாளி வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடலாம். அதனால் அந்தப் பெண்ணின் ஃபைலில் இன்றைய எடை 94 மட்டும் பதிவாகிறது. குறி இருக்க வேண்டிய இடத்தில் டாக்டர் எழுதுகிறார்: ‘இரவில் எழுந்து உண்பது வாரம் 4 நாள். உளவியலாளரிடம் அனுப்பப்படுகிறார். நான்கு வாரத்தில் 2 நாளாகக் குறைய வேண்டும். எடைக் குறி அதன் பிறகு.’

பேச்சு சிகிச்சையால் பெருந்தீனி நின்றாலும் எடை அதிகம் இறங்காமல் போகலாம். அதை நோயாளியிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால், உண்மையில் குணமாகிவருபவரும் எடை மெஷினில் ஏறி நின்று, தான் தோற்றுவிட்டதாகவே நினைப்பார்.