விவரணப் படத்திற் கதையமைப்பும் தொகுப்பும்

விவரணப் படம் உள்ளதை உள்ளவாறே காட்டுவது என்பர். ஆயினும் படத்துண்டுகளை வரிசைப்படுத்துவோன் அவற்றுள் ஒரு கதையையும் அமைக்கின்றான். ஹரி வாட், பசில் றைற் ஆகியோர் இயக்கி, 1936இல் வெளிவந்த 'நைற் மெயில்' என்னும் பிரித்தானியப் படத்தின் சிறு காட்சியொன்று இதனை விளக்கும்.

இலண்டனிலிருந்து ஸ்கொத்லாந்துக்கு விரையும் தபாற் புகையிரதம் சிற்றூர்களில் நில்லாது. தோலுறையிற் கட்டிய தபாற்பையை வெளியே நீளும் இரும்புக்கையில் தொங்கவிடுவர். பாதையோர வலை அதனைப் பறித்துக்கொள்ளும். முந்தி நீட்டினாற் பாலத்தில் மோதும். பிந்தினால் வலையைத் தவறும்.

காட்சியின் தொடக்கத்தில் முதிய ஊழியர் புதியவனுக்கு விதி கூறுகின்றார்: இரு பாலங்கள் கடந்தபின், தண்டவாளப் பொருத்துகளிற் சக்கரம் எழுப்பும் ஒலி நாற்பத்தைந்து. அவ்விதியை அறிந்தமையால் நாமும் எண்ணத் தொடங்குகின்றோம். பின்னர் பாலங்கள் விரைந்தோடுகையில், அவை வெறும் இயற்கைக் காட்சிகளல்ல. குறையும் காலத்தின் அளவுகள். பை வலையில் வீழ்வதே விடை. விதி கூறுமுன் இத்துண்டுகளைக் காட்டியிருப்பின் வேகம் தோன்றும், தவிப்புத் தோன்றாது.

வண்டியின் உட்புறமோ படப்பிடிப்புக் கூடத்தில் அமைத்தது. மெய்யான தபாலூழியரே உடலை அசைத்து ஓட்டத்தைப் பாவனை செய்தனர். அசையா உட்புறத்தையும் விரையும் பாதையையும் ஒன்றாகப் பிணைப்பது சக்கரவொலியே. ஒலியை நீக்கிப் பார்ப்பின் அப்பிணைப்புத் தளர்தலை உணரலாம். ஆயினும் தொழில்முறை மெய்யானது. தொகுப்பு அதனைத் திரிக்கவில்லை. தொகுப்போனுக்குரிய எல்லையும் அதுவே.