பதிலும் இல்லை, முடிவும் இல்லை

மூன்று வாரமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒருநாள் முதல் பதிலே போடுவதில்லை. சண்டை நடக்கவில்லை, 'நமக்குள் சரிப்பட்டு வராது' என்று ஒரு வரிகூட வரவில்லை. இதுதான் 'கோஸ்ட்டிங்'. 2017இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியிலேயே இந்தப் பொருள் இடம்பிடித்துவிட்டது.

ஆப்பில் அறிமுகமானவர்களுக்குப் பொதுவான நண்பர்களோ உறவினர்களோ பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் 'ஏன் இப்படிச் செய்தாய்' என்று கேட்க ஆளில்லை. மனப்போக்குக்கும் இதில் பங்குண்டு. 'இவர்தான் நமக்கென்று எழுதப்பட்டவரா, இல்லையா' என்று காதலை விதியின் கணக்கில் பார்ப்பவர்கள், சொல்லாமல் விலகுவதைப் பெரிய தவறாக நினைப்பதில்லை என்று 2019இல் கிலி ஃப்ரீட்மன் குழுவின் ஆய்வு காட்டியது. அதற்காக, விலகியவருக்கு ஈரமே இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. 'வேண்டாம்' என்று நேரில் சொல்லிப் புண்படுத்தத் தயங்கியே சிலர் மௌனமாகிறார்கள். அவர்களுக்குள் இருக்கும் அக்கறையை, விடப்பட்டவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்கிறது யெஜின் பார்க், நாடவ் க்ளைன் இருவரும் 2024இல் வெளியிட்ட ஆய்வு.

'பிரெட்கிரம்பிங்' வேறு ரகம். இதில் ஆள் மறைவதில்லை.

ஒருவர் இப்படிப் பழகுவதாக வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை இரவு, "உன் ஞாபகம் வந்தது." அதன்பின் பத்து நாள் சத்தமில்லை. பிறகு ஒரு போட்டோவுக்கு ஹார்ட். "எப்போது பார்க்கலாம்?" என்று கேட்டால், "கண்டிப்பா, சீக்கிரமே!" அந்தச் சீக்கிரம் வருவதே இல்லை.

இதில் ஏன் மாட்டிக்கொள்கிறோம்? உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னரின் புறாக்களிடம் இதற்கு விடை இருக்கிறது. கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே ஓய்ந்துவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் கொத்திப் பழகிய புறாவோ நெடுநேரம் விடாமல் கொத்தும். எப்போதோ வரும் குறுஞ்செய்தியும் மனத்தை அப்படித்தான் பழக்குகிறது. அனுப்புபவர் எல்லோரும் திட்டம் போட்டு ஏமாற்றுபவர்கள் அல்லர். தனிமை உறுத்தும்போது, தன்னை விரும்ப ஒருவர் இருக்கிறார் என்று உறுதிப்படுத்திக்கொள்வதே சிலருக்குப் போதுமாக இருக்கிறது.

உண்மையிலேயே வேலைப்பளுவில் இருப்பவரை இவரிடமிருந்து பிரித்தறிய ஒரு வழி, நாளும் இடமும் குறித்துக் கேட்பது. "சனிக்கிழமை ஐந்து மணிக்குக் காபி சாப்பிடலாமா?" என்றால், விருப்பமுள்ளவர் முடியாவிட்டாலும் வேறொரு நாள் சொல்வார். மற்றவர் ஸ்மைலி அனுப்புவார்.

பதில் போடாமல் ஸ்டோரிகளை மட்டும் தவறாமல் பார்ப்பது 'ஆர்பிட்டிங்'. பார்ப்பதற்கு ஒரு தட்டல் போதும், பதிலுக்குப் பொறுப்பு வேண்டும் என்பதே அதன் வசதி.

2024இல் ஹிஞ்ச் ஆப் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. பதிலளிக்காத உரையாடல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டினால், சிலவற்றுக்குப் பதில் போட வேண்டும் அல்லது முடித்துவிட வேண்டும். அதுவரை புதியவர்களுடன் இணைய முடியாது. இது கோஸ்ட்டிங்குக்குக் கடிவாளம். பிரெட்கிரம்பிங் செய்பவரோ ஒரு 'ஹாய்' தட்டிவிட்டு இதைத் தாண்டிவிடலாம்.