விதை பிறந்த இடம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் வேலை, 26 வயது. யூராலஜி டாக்டரின் எதிரே உட்கார்ந்திருக்கிறான். என்ன பிரச்சினை என்று கேட்டதற்கு, "முதுகு வலிங்க சார்" என்கிறான். முதுகு வலிக்கு எலும்பு டாக்டரிடம் போகாமல் சிறுநீரக டாக்டரிடம் ஏன் வந்தான் என்று அவர் கேட்கவில்லை. கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியபின், "வேற ஏதாச்சும் இருக்கா தம்பி?" என்றார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன், "இடது பக்கம் ஒரு கட்டி மாதிரி இருக்குங்க" என்றான். எந்த இடத்தில் என்பதை வாயால் சொல்லவில்லை, கையால் காட்டினான்.

இவன் ஒரு கற்பனைப் பாத்திரம். ஆனால் யூராலஜி வெளிநோயாளிப் பிரிவுகளில் இந்தக் கதை அசலாகவே நடந்துகொண்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு படியிலும் நம் உடல் உருவான விதம் வெளிப்படுகிறது என்பதால்தான் இதைச் சொல்ல வருகிறேன்.

சித்திரை மாதம் குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டது, மொச்சைக்கொட்டை அளவில். அழுத்தினால் வலி இல்லை. வலிக்காதது ஆபத்தில்லை என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். பிறகு பெரிதானது. சுய இன்பப் பழக்கத்தால் வந்த தண்டனை என்று பயந்தான். அந்தப் பழக்கத்துக்கும் இந்தக் கட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அதை அவன் யாரிடம் கேட்பான்? டிவி விளம்பரத்தில் வந்த வைத்தியர் ஒரு லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். அவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் லேகியம் கொடுத்தார். மருந்துக்கடையில் "வீக்கம்" என்று மட்டும் சொல்லி ஐந்து நாள் மாத்திரை வாங்கித் தின்றான். வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தபோது, வேலை அதிகம் என்று தள்ளிப் போட்டான். புரட்டாசி பிறந்துவிட்டது.

டாக்டரின் பரிசோதனை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விதையைக் கட்டைவிரலுக்கும் முதல் இரண்டு விரல்களுக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டினார். ஆரோக்கியமான விதை தோல் உரித்த அவித்த முட்டையைப்போல வழுவழுப்பாக இருக்கும். அதன் பின்புறம் மெத்தென்று தட்டுப்படும் நாளம், விந்தணு முதிரும் இடம். பலர் அதைக் கட்டி என்று பயந்து ஓடிவருவார்கள். இவனுக்குக் கட்டி பின்புறத்தில் இல்லை, விதையின் உடலுக்குள்ளேயே கெட்டியாக இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை விதைப்பையின் அடியில் வைத்தார். உள்ளே நீர் கோத்திருந்தால், அதாவது ஓதமாக இருந்தால், ஒளி ஊடுருவிச் செக்கச்செவேல் என்று தெரியும். இங்கே ஒளி தாண்டவில்லை.

விதைப்பையில் வரும் வீக்கங்களில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. நீர் கோத்தல், நரம்புச் சுருள், குடலிறக்கம், கிருமித்தொற்று என்று பல உண்டு. திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது ஆறு மணி நேரத்துக்குள் அறுவை அறைக்குப் போக வேண்டிய அவசரம். ஆனால் விதைக்குள்ளேயே வலியில்லாமல் கெட்டியாக ஒன்று இருந்தால், வேறு என்று நிரூபிக்கும்வரை அதைப் புற்றுநோயாகவே எடுத்துக்கொள்வார்கள். இந்தியாவில் இது அரிய நோய். நார்வே, டென்மார்க் போன்ற நாடுகளில் நம்மைவிடப் பல மடங்கு அதிகம். வயதானவர்களின் நோயும் அல்ல, 15 முதல் 35 வயதுக்காரர்களையே அதிகம் தாக்குகிறது.

அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனில் கட்டி உறுதியானது. இனி ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள் என்று அவன் நினைத்தான். டாக்டர் மறுத்துவிட்டார். பையில் கத்தி படவே கூடாது, தொடை இடுக்குக்கு மேலே கீறி, விதையை அந்த வழியாக மேலே இழுத்து முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார். இவ்வளவு சுற்றுவழி எதற்கு?

விடை அவன் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. கருவில் விதை உருவாகும் இடம் தொடை இடுக்கு அல்ல, முதுகெலும்பை ஒட்டிச் சிறுநீரகத்துக்கு அருகில். உடல் வெப்பத்தைவிட சில டிகிரி குளிர்ச்சியான இடத்தில்தான் விந்தணு நன்றாக உருவாகும் என்பதால், பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அது வயிற்றிலிருந்து கீழே இறங்குகிறது. கிணற்றில் இறங்கும் வாளி கயிற்றையும் கூடவே கொண்டுபோவதைப்போல, தன் ரத்தக் குழாய்களையும் நிணநீர்க் குழாய்களையும் இழுத்துக்கொண்டே இறங்குகிறது. அதனால் வளர்ந்த ஆணிலும் விதைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி, வயிற்றுக்குள் சிறுநீரகத் தமனிக்குச் சற்றுக் கீழேதான் கிளம்புகிறது. இடது விதையின் சிரை, இடது சிறுநீரகத்தின் சிரையிலேயே போய்ச் சேருகிறது. விதையில் அடிபட்டால் வயிறு கலங்குவதும் இந்தப் பழைய உறவால்தான்.

பையின் தோலோ அந்த இடத்திலேயே உருவானது. அதன் நிணநீர் தொடை இடுக்கில் உள்ள கணுக்களுக்குப் போகும். ஆக, பக்கத்திலேயே இருக்கும் விதைக்கும் தோலுக்கும் வடிகால் வேறு வேறு. பையில் ஊசியோ கத்தியோ வைத்தால், முதுகெலும்பு வழியில் மட்டும் போகக்கூடிய நோய்க்கு இடுக்கு வழியையும் திறந்துவிடுவோம். அதனால்தான் மேலே கீறி, கயிற்றை முதலில் கட்டிவிட்டு, பிறகு விதையை எடுக்கிறார்கள்.

இப்போது அவன் சொன்ன முதுகு வலிக்கு வருவோம். வெட்கத்தை மறைக்கச் சொன்ன சாக்கு அது. ஆனால் இரண்டு மாதமாக உண்மையிலேயே நடு முதுகு வலித்துக்கொண்டிருந்தது, ராத்திரியில் அதிகமாக. சிடி ஸ்கேனில், இடது சிறுநீரகத்தின் மட்டத்தில், பெருந்தமனியை ஒட்டி ஒரு நிணக்கணு 4 சென்டிமீட்டருக்கு வீங்கியிருந்தது. கட்டியிலிருந்து கிளம்பிய செல்கள், விதை இறங்கி வந்த பாதையிலேயே ஏறி, அது பிறந்த இடத்துக்குப் போயிருந்தன.

அறுவைக்கு முன்பே ரத்தம் எடுத்திருந்தார்கள். அதில் பார்த்த இரண்டு பொருள்கள் வியப்பானவை. ஒன்று பீட்டா எச்.சி.ஜி. கர்ப்பிணியின் நஞ்சுக்கொடி சுரப்பது, கர்ப்பப் பரிசோதனைக் குச்சியில் கோடு விழ வைப்பது. மற்றொன்று ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், சுருக்கமாக ஏ.எஃப்.பி. வயிற்றில் வளரும் கருவின் ரத்தத்தில் நிறைந்திருப்பது. கல்யாணமாகாத ஓர் ஆணின் ரத்தத்தில் இவை எப்படி வந்தன? இந்தப் புற்றுநோய் பிறப்பது விந்தணுவின் மூலசெல் வம்சத்தில். ஒரு முழு மனிதனை உண்டாக்கும் குறிப்புகள் அந்தச் செல்லில் இருக்கின்றன. நெறி கெட்டுப் பெருகும்போதும் அது கருவைப்போல, நஞ்சுக்கொடியைப்போல உருவெடுக்கப் பார்க்கிறது. சில கட்டிகளை அறுத்தால் உள்ளே குருத்தெலும்பும் முடியும்கூட இருக்கும்.

நோய் தன்னையே இப்படிக் காட்டிக்கொடுப்பதால், கணக்குப் போட்டுப் பார்க்க வழி கிடைக்கிறது. புதிதாகச் சுரக்காவிட்டால் ஏ.எஃப்.பி. ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை பாதியாகும். அறுவைக்கு முன் அவனுக்கு 640 இருந்தது, பொதுவாகப் பத்துக்குள் இருக்க வேண்டியது. கட்டி விதையில் மட்டும் இருந்திருந்தால், ஆறு நாளில் 320, பன்னிரண்டு நாளில் 160, பதினெட்டாம் நாளில் 80 என்று இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அறுவை முடிந்து பதினெட்டாம் நாள் எடுத்த ரத்தத்தில் 390 இருந்தது. உடம்பில் வேறெங்கோ சுரந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேனில் கண்ட கணு வெறும் வீக்கம் அல்ல, உயிருள்ள நோய் என்பது அதைத் திறந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது.

அடுத்து கீமோதெரபி. அதற்கு முன் விந்தணு சேமிப்பு மையத்துக்குப் போகச் சொன்னார்கள். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்துவிட்டால் வருடக்கணக்கில் கெடாது. ஒரு விதை போனாலும் மற்றொன்று ஆண் ஹார்மோனுக்கும், பெரும்பாலும் பிள்ளைப் பேற்றுக்கும் போதும். கீமோ அதைக் கொஞ்ச காலமோ நிரந்தரமாகவோ பாதிக்கலாம் என்பதால்தான் இந்தச் சேமிப்பு. கட்டியைக் காட்டியதைவிட அங்கே போய் மாதிரி கொடுத்ததுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவனுக்கு ஏறிய மருந்துகளில் முக்கியமானது சிஸ்பிளாட்டின், பிளாட்டினத்தின் ஒரு சேர்மம். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் செல் பிரிதலைப் பாதிக்குமா என்று பார்க்க, பாக்டீரியா வளரும் கரைசலில் மின்சாரம் செலுத்தினார். பாக்டீரியாக்கள் பிரியாமல் இழை இழையாக நீண்டன. அது மின்சாரத்தின் வேலை அல்ல. பிளாட்டின மின்முனையிலிருந்து கரைந்த சேர்மம் பிரிவைத் தடுத்திருந்தது. செல் பிரிவைத் தடுப்பது புற்றுநோயையும் தடுக்கலாம் அல்லவா? 1974இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதை வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்து, விதையிலிருந்து பரவிய புற்றுநோயால் சாவை நெருங்கியிருந்த ஜான் கிளீலண்ட் என்ற இளைஞருக்குக் கொடுத்தார். அவர் குணமானார். அதுவரை பரவிய நிலையில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்று ஐந்தில் நான்கு பேர் குணமாகிறார்கள். இவனைப்போலக் கணுவோடு நின்று, ரத்த அளவுகளும் மிக அதிகமாக ஏறாமல் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல்.

மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றும் 21 நாள். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். முடி கொட்டியது. காதில் ரீங்காரம் வந்தது. விரல் நுனிகள் மரத்துப்போய்க் கத்தரிக்கோல் பிடிக்கச் சிரமப்பட்டான். முடிவில் ஏ.எஃப்.பி. 4. கணு 8 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மிச்சமிருந்தால் வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டியிருந்திருக்கும். சித்திரையிலேயே வந்திருந்தால் அறுவையோடு முடிந்து, கண்காணிப்பு மட்டும் போதுமாக இருந்திருக்கலாம். இதை டாக்டர் ஒரே ஒரு முறை, குற்றம் சொல்லும் தொனி இல்லாமல் சொன்னார். முதல் வருடம் அடிக்கடி ரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும் என்றார்.

எழுந்திருக்கும்போது அவர் கேட்டார்: "கூடப்பிறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு தம்பிங்க. கோயமுத்தூர்ல படிக்கிறான்."

"அண்ணனுக்கு இருந்தா தம்பிக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடப் பல மடங்கு கூடுதல். அப்பவும் வராமப் போறதுதான் அதிகம், பயப்பட வேண்டாம். ஆனா சொல்லிடுங்க."

அன்று சாயந்திரமே பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டான். "டேய், குளிச்சு முடிச்சதும் பாரு, சுடுதண்ணில தோல் தளர்ந்திருக்கும். ஒவ்வொண்ணா எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டு. பின்னாடி மெத்துன்னு ஒண்ணு இருக்கும், அது இருக்க வேண்டியதுதான். கெட்டியா ஏதாச்சும் பட்டா என்கிட்டச் சொல்லு. மெடிக்கலுக்குப் போகாத." பக்கத்தில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்முனையில் தம்பி கேட்ட இரண்டு சந்தேகங்களுக்கும் அதே குரலில் பதில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான்.