தொட்டி நிரம்ப எத்தனை நேரம்?

மொட்டை மாடியில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, கீழே சம்ப், நடுவே ஓர் அங்குலக் குழாய். மோட்டாரைப் போட்டால் எத்தனை நிமிடத்தில் நிரம்பும்? தொட்டியின் கொள்ளளவை, குழாய் ஒரு நொடிக்குக் கொண்டுவரும் நீரால் வகுத்தால் விடை வந்துவிடும். நொடிக்கு எவ்வளவு நீர் வரும் என்பதைக் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பும் நீரின் வேகமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. குழாயின் உள்விட்டம் 2.5 செ.மீ. என்றால் அதன் வட்டத் திறப்பு சுமார் 4.9 சதுர செ.மீ. நீர் நொடிக்கு 100 செ.மீ. நகர்ந்தால், அந்தத் திறப்பை ஒரு நொடியில் கடப்பது 4.9 சதுர செ.மீ. அடிப்பரப்பும் 100 செ.மீ. நீளமும் கொண்ட ஒரு நீர்த்தண்டு, அதாவது 490 கன செ.மீ., ஏறக்குறைய அரை லிட்டர். 1,000 லிட்டர் என்பது பத்து லட்சம் கன செ.மீ. அதை 490-ஆல் வகுத்தால் சுமார் 2,040 நொடி, 34 நிமிடம்.

செலவைக் குறைக்க அரை அங்குலக் குழாய் போட்டால் நேரம் இரண்டு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் திறப்பு கால் பங்காகிவிடும். வேகம் மாறாது என்றே வைத்துக்கொண்டாலும் 34 நிமிடம் 136 நிமிடமாகும். சிறிய வித்தியாசம்கூட இந்தக் கணக்கில் பெரிதாகத் தெரியும். கடையில் ஓர் அங்குலம் என்று கேட்டு வாங்கும் சிபிவிசி குழாயின் வெளிவிட்டம் 28.6 மி.மீ.; பரவலாகக் கிடைக்கும் வகையில் சுவரின் தடிமன் 2.6 மி.மீ. சுவர் இரண்டு பக்கமும் உண்டு என்பதால் நீருக்கு மிஞ்சும் வழி 23.4 மி.மீ.தான். இந்த ஒன்றரை மில்லிமீட்டர் குறைவு திறப்பில் எட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. அதே வேகத்தில் நிரம்ப 34 நிமிடத்துக்குப் பதில் சுமார் 39 நிமிடம் ஆகும். கணக்குக்கு வேண்டியது உள்விட்டம் மட்டுமே.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். தோட்டத்து ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் நீர் சீறிப் பாய்கிறதே, குறுகிய குழாயிலும் வேகம் கூடி நேரம் ஈடாகிவிடாதா? சீறுவது உண்மை. ஆனால் அதே குழாயை வாளியில் விட்டுப் பார்த்தால், விரலால் அழுத்தியதற்காக வாளி முன்னதாக நிரம்பாது. பாதி விட்டத்துக் குழாயில் அதே அளவு நீர் வர வேண்டுமென்றால் வேகம் நான்கு மடங்காக வேண்டும். அதைத் தடுப்பது குழாய்ச் சுவரின் உராய்வு. 20 மீட்டர் நீளமுள்ள 2.5 செ.மீ. குழாயில் நீர் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும்போது உராய்வு விழுங்கும் அழுத்தம், நீரை மேலும் ஒரு மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சமம். விட்டத்தைப் பாதியாக்கி அதே அளவு நீரைத் தள்ளினால் அந்த இழப்பு ஏறக்குறைய 32 மடங்காகும். பத்து மாடிக்கு நீரேற்றும் வேலைக்கு ஒப்பானது அது. இரண்டு மாடி வீட்டுக்கு வாங்கிய மோட்டாரால் அது ஆகாது. ஓட்டம் குறையும்போது மோட்டார் தரும் அழுத்தம் சற்று உயரும், வேகமும் ஓரளவு கூடும் என்பது சரிதான். நான்கு மடங்கு கூடாது. மாநகராட்சிக் குழாய்போல் அழுத்தம் ஒரே அளவில் இருக்கும் நீண்ட இணைப்பிலோ நிலைமை இன்னும் மோசம். அங்கே விட்டம் பாதியானால் வேகமும் 70 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். 136 நிமிடம் என்ற கணக்கே பொய்த்து, மூன்று மணி நேரத்தைத் தாண்டும்.

வேகத்தை யார் அளந்து தருவார்கள் என்பது அடுத்த கேள்வி. ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். தொட்டிக்குள் நீர் விழும் வாயில் 15 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். அது 30 நொடியில் நிரம்பினால் ஓட்டம் நொடிக்கு 500 கன செ.மீ.; அதை 4.9-ஆல் வகுத்தால் வேகம் நொடிக்கு 102 செ.மீ. வீட்டுக் குழாய்க்கு நொடிக்கு ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை நல்ல வேகம். அதற்கு மேல் போனால் இரைச்சலும், வால்வை மூடும்போது குழாயில் அதிர்வும் வரும். நிரம்பும் நேரத்தில் வீட்டில் குழாய்கள் திறந்திருந்தால் வெளியே போகும் நீரைக் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். மிதவை வால்வு உள்ள தொட்டியில் கடைசிச் சில அங்குலங்கள் மெதுவாகத்தான் ஏறும்.

வாளிக் கணக்கு உண்மையில் உதவுவது பழுதைக் கண்டுபிடிக்க. முன்பு 30 நொடியில் நிரம்பிய வாளிக்கு இப்போது 45 நொடி ஆகிறதென்றால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. குழாயைக் குறை சொல்லும் முன் மற்றவற்றைப் பாருங்கள். நீர் விட்டுவிட்டு, காற்றோடு குமுறி வந்தால் உறிஞ்சும் பக்க இணைப்பில் கசிவு இருக்கலாம், அல்லது சம்பில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கலாம். சீராகவே, ஆனால் மெலிந்து வந்தால் மின்னழுத்தம் குறைந்திருக்கலாம், புட் வால்வின் சல்லடை அடைத்திருக்கலாம். பல ஆண்டுகளில் மெல்ல மெல்லக் குறைந்தது என்றால், உப்புத் தண்ணீர் ஓடும் ஊர்களில் குழாயின் உட்சுவரில் படியும் சுண்ணாம்புதான் முதல் சந்தேகத்துக்குரியது. புது மோட்டார் பொருத்திய அன்றே வாளி நேரத்தை அளந்து, தேதியோடு சுவிட்சுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.