ஒரு சந்திப்பு, ஐந்து வரிகள்

செம்பூரில் எங்களோடு தங்கி வேலை பார்க்கும் என் அக்கா மகன், சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு சாப்பிடாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலை மாதுங்காவில் ஒரு பெண்ணை முதன்முறையாகத் தனியே சந்தித்து வந்திருக்கிறான். நம்மூர்ப் பெண்தான், ஜாதகம் வழியாக அல்ல, நண்பர் மூலம் வந்த அறிமுகம்.

"எனக்குப் பிடிச்சிருக்கு மாமா. அவங்க மனசுதான் தெரியலை. இரண்டு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தாங்க. ஆனா ஸ்டேஷன்ல பேச்சு முடியாம ஒரு தாணே வண்டியை விட்டுட்டு அடுத்ததுலதான் ஏறினாங்க."

அனுப்புவதற்கு எழுதி வைத்திருந்ததைக் காட்டினான். இருபது வரி. முடிவில், 'என்னைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?' ஒரே மாலை பழகியவளுக்கு அதற்கு விடை இன்னும் உருவாகியே இருக்காது. வற்புறுத்திக் கேட்டால் 'இல்லை' என்று சொல்வதுதான் சுலபம். அதை அழித்துவிட்டு, 'வீடு போய்ச் சேர்ந்தீங்களா?' என்று மட்டும் எழுதினான். 'சேர்ந்தேன்' என்று பதில் வந்தால் அதிலிருந்து என்ன தெரியும்?

மூன்று நாள் பொறுத்து எழுதச் சொன்னானாம் நண்பன். "அந்த மூணு நாளும் அந்தப் பொண்ணும் இப்படித்தானேடா உட்கார்ந்திருப்பா?" என்றாள் என் மனைவி.

கடைசியில் அன்றிரவே போனது இதுதான்:

'இன்னிக்கு உங்ககூடப் பேசினது ரொம்பப் பிடிச்சது. உங்க பாட்டி மராத்தியில பேரம் பேசின கதையை நினைச்சு ரயில்லயும் சிரிச்சேன். மறுபடி சந்திக்க ஆசை. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி போகலாமா? விருப்பமில்லைன்னாலும் தயங்காம சொல்லுங்க.'

பாட்டி கதை, அவன் கவனித்துக் கேட்டதற்குச் சாட்சி. மூன்றாவது வரி தன் மனத்தைச் சொல்கிறது. அவள் மனத்தைக் கேட்கவில்லை. நாளும் இடமும் இருப்பதால் பதில் சொல்வது எளிது. கடைசி வரி, மறுப்பதற்கும் கதவைத் திறந்து வைக்கிறது.

இரண்டு நீலக்கோடுகள் வந்தன, பதில் வரவில்லை. "படிச்சுட்டாங்க மாமா!" என்று தவித்தான். நீலக்கோடு, படித்ததை மட்டுமே சொல்லும். இன்னொன்று அனுப்பப் போனவனைத் தடுத்தேன்.

மறுநாள் மதியம் வந்தது: 'சனிக்கிழமை முடியாது, அண்ணா ஊர்லேர்ந்து வர்றான்.' அவன் முகம் வாடியது. கீழே இன்னொரு வரி: 'அடுத்த ஞாயிறு?'

கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது வரியைத்தான். வர முடியாதவர், மனமிருந்தால் பெரும்பாலும் வேறு நாள் சொல்வார். முதல் வரியோடு நின்றிருந்தால், 'சரி, உங்களுக்கு வசதிப்படும்போது சொல்லுங்க' என்று ஒருமுறை எழுதிவிட்டு அவன் ஒதுங்கியிருக்க வேண்டும். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். மேலும் மேலும் எழுதினால் அது தொந்தரவாகிவிடும்.

ஞாயிறு வந்து போயிற்று. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறான்.