உயில் இல்லாமல் தந்தை இறந்தால் வீடு யாருக்கு?

தேக்கா வட்டாரத்து வீவக வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் தந்தை மட்டுமே. தாயாரின் பெயர் குடியிருப்பாளர் பட்டியலில் உள்ளது. பிள்ளைகள் மூவர். தந்தை உயில் எழுதாமல் காலமாகிவிட்டார்.

இந்நிலையில் பலரும் முதலில் கேட்பது வாரிசுச் சான்றிதழ். அது தமிழ்நாட்டில் வட்டாட்சியர் தரும் ஆவணம்; சிங்கப்பூரில் இல்லை. இங்கு குடும்ப நீதிமன்றம் வழங்கும் ‘லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்’ எனும் நிர்வாக ஆணை தேவை. அதைப் பெற்றவர்தான் இறந்தவரின் கடன்களை அடைத்து, சொத்தைப் பங்கிட முடியும்.

முதலில் வீட்டின் உரிமை எந்த வகை என்று வீவகவிடம் கேட்டறிய வேண்டும். பெற்றோர் இருவரும் ‘ஜாயிண்ட் டெனன்சி’ முறையில் உரிமையாளர்களாக இருந்திருந்தால், வீடு நேராகத் தாயாருக்குப் போய்விடும். நீதிமன்ற ஆணை தேவையில்லை. ஆனால், குடியிருப்பாளர் பட்டியலில் பெயர் இருப்பது உரிமை ஆகாது. பலர் இதில்தான் ஏமாந்துபோகின்றனர்.

நமது எடுத்துக்காட்டில் நிர்வாக ஆணைக்கு விண்ணப்பிக்கும் முதல் உரிமை தாயாருக்கு உண்டு. இறப்பு, திருமண, பிறப்புச் சான்றிதழ்களும் சொத்துப் பட்டியலும் வேண்டும். ஊரில் பதிவான திருமணச் சான்றிதழ் தமிழில் இருந்தால், முறையான ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை. இறந்து ஆறு மாதங்களுக்குப் பிறகு விண்ணப்பித்தால், தாமதத்துக்குக் காரணம் கூற வேண்டும்.

கடன் போக வீட்டின் மதிப்பு 600,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி பாதி, அதாவது 300,000 வெள்ளி, தாயாருக்கு. மீதி மூன்று பிள்ளைகளுக்கும் தலா 100,000 வெள்ளி. மணமான மகளுக்கும் அதே பங்குதான். முஸ்லிம்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் பெற வேண்டும்.

வீடு முழுவதும் தாயார் பெயரில் இருக்கட்டும் என்று பிள்ளைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கலாம். ஆனால், சட்டப் பங்குக்கு மேல் கைமாறும் பகுதிக்கு முத்திரை வரி விதிக்கப்படலாம் என்பதால் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது. வீட்டைப் பெறுபவர் வீவக தகுதி விதிகளையும் நிறைவுசெய்ய வேண்டும். ஏற்கெனவே வீவக வீடு வைத்திருக்கும் பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது.

அதே தந்தை தமிழ்நாட்டில் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கியிருந்தால் கணக்கு மாறும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மனைவிக்குப் பாதி கிடையாது. மனைவி, பிள்ளைகள் நால்வருக்கும் சம பங்கு. பாட்டி, அதாவது இறந்தவரின் தாயார், உயிருடன் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கும்போது பாட்டிக்குப் பங்கில்லை.

அந்த வீட்டுக்கு அங்குள்ள வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழைக் கொண்டே பட்டா மாற்ற வேண்டும். அந்தச் சான்றிதழை வைத்து இங்குள்ள வீட்டை மாற்ற இயலாது.