ஆளா, ஏஜென்சியா?
சிறு நிறுவனம், பெரிய முடிவுகள் – 9

பெங்களூரில் பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: “மார்க்கெட்டிங்குக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு எடுக்கலாமா, இல்லை ஏஜென்சிக்குக் கொடுத்துவிடலாமா?” பெரும்பாலும் கையில் இரண்டு காகிதங்களோடு வருவார்கள். ஒன்று ஏஜென்சியின் கொட்டேஷன், மற்றது யாரோ ஒருவரின் பயோடேட்டா. எது மலிவு என்பதில்தான் அவர்கள் கண் இருக்கும். அந்தக் கணக்கையே முதலில் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பீன்யாவில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் மிஷின் செய்யும் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாளியையும் சேர்த்துப் பத்துப் பேர். ஒரு மிஷின் 2 லட்சம் ரூபாய், செலவு போக 40,000 நிற்கிறது. ஏஜென்சி மாதம் 35,000 கேட்கிறது. முழுநேர ஆளுக்கு 50,000 சம்பளம். கூகுள் விளம்பரத்துக்கு எந்த வழியிலும் 40,000 போகும். ஏஜென்சி பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். ஆனால் பதிவு செய்த நிறுவனம் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அதை ஒதுக்கிவிடலாம்.

ஆக ஏஜென்சி என்றால் மாதம் 75,000, ஆள் என்றால் 90,000. வித்தியாசம் 15,000. ஒரு மிஷினில் கிடைக்கும் லாபத்தில் பாதிகூட இல்லை. எந்த வழியில் போனாலும், போட்ட காசை எடுக்கவே மாதம் இரண்டு மூன்று மிஷின் கூடுதலாக விற்றாக வேண்டும். அதனால் முடிவு செய்ய வேண்டிய இடம் கட்டணம் அல்ல. அந்தக் கூடுதல் மிஷின்களை விற்கத் தேவையான வேலை என்ன, அதை எங்கே உட்கார்ந்து செய்ய முடியும் என்பதுதான்.

இந்த மிஷினை வாங்குகிறவர் ஊறுகாய் போடுகிறவராக இருப்பார், தேன் விற்கிறவராக இருப்பார், ஒசூரில் சின்னதாக மருந்துக் கம்பெனி வைத்திருப்பார். போன் செய்ததும் விலையை மட்டும் கேட்டு வைத்துவிடுகிறவர் அநேகமாக வாங்க மாட்டார். “நிமிஷத்துக்கு எத்தனை பாட்டில் ஓடும்? என் பாட்டில் சதுரம், உருண்டை இல்லை, ஒட்டுமா?” என்று கேட்கிறவர் வாங்குவார். அவர் அடுத்துச் செய்வது, தன் பாட்டிலில் இரண்டைக் கூரியரில் அனுப்புவது. அதை மிஷினில் ஓட்டி, லேபிள் சுருக்கமில்லாமல் உட்காருவதை வீடியோ எடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி விற்பனை முடிந்த மாதிரி. இந்த வீடியோவைக் கோரமங்களாவில் இருக்கும் ஏஜென்சியால் எடுக்க முடியாது. அங்கிருந்து பீன்யா வந்து திரும்பவே அவர்களுக்கு அரை நாள் போய்விடும்.

ஏஜென்சி நன்றாகச் செய்யக்கூடியது விளம்பரத்தை ஓட்டுவது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கூகுளில் தேடுகிறவர்களில் லேபிள் அச்சடிக்கிற மிஷின் தேடுகிறவர் இருப்பார், பழைய மிஷின் தேடுகிறவர் இருப்பார், அந்தத் துறையில் வேலை தேடுகிறவரும் இருப்பார். இவர்கள் எல்லாரும் நம் காசில் கிளிக் செய்வார்கள். வாரத்துக்கு ஒருமுறை `Search terms` அறிக்கையைத் திறந்து, தேவையில்லாத சொற்களை விலக்கப்பட்ட பட்டியலில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். எந்தச் சொல் தேவையில்லாதது என்பது தொழில் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ஏஜென்சியில் முதல் நாள் பேச வருகிறவர் அனுபவசாலி. பிறகு நம் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் இளைஞரோ பல வாடிக்கையாளர்களுக்கு நடுவே அதையும் பார்க்கிறவர். அவர் மேல் தப்பில்லை, அவருக்குக் கொடுத்திருக்கும் நேரம் அவ்வளவுதான்.

வேலை நடக்கிறதா என்று முதலாளியே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. கூகுள் விளம்பரக் கணக்கில் `Change history` என்று ஒரு பக்கம் உண்டு. யார், எந்தத் தேதியில், எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகும். ஒரு மாதம் முழுக்க அங்கே ஒரு வரியும் இல்லையென்றால், மாதக் கடைசியில் வரும் வண்ண வண்ண அறிக்கை எதைச் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்த அறிக்கை எண்ணுவது என்கொயரிகளை. நீங்கள் எண்ண வேண்டியது கொட்டேஷன் வரை போனவற்றை.

தொழில் தெரிந்தவர் உள்ளேயே இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூரிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2010-ல் இங்கே தொடங்கிய ஜெரோதா, பங்குத் தரகில் மற்றவர்கள் விளம்பரத்தில் பணத்தைக் கொட்டியபோது அதைச் செய்யவில்லை. பங்குச் சந்தையைக் கற்றுத்தரும் ‘வார்சிட்டி’ பாடங்களை, நிறுவனத்துக்குள்ளேயே இருந்த கார்த்திக் ரங்கப்பா எழுதினார். சந்தையை அறிந்தவர் எழுதியதால் மக்கள் தேடி வந்து படித்தார்கள். குறைந்த தரகுக் கட்டணமும் அந்த வளர்ச்சிக்குக் காரணம் என்பதால், மிஷின் விற்கிறவர் அதை அப்படியே பின்பற்ற முடியாது. விஷயம் தெரிந்தவர் எழுதினால்தான் வாசிக்கிறவர் நம்புவார் என்பது மட்டும் பீன்யாவுக்கும் பொருந்தும்.

ஒரு ஆளை எடுத்தால் அவருக்கு மாதம் முழுக்க வேலை இருக்குமா என்ற பயம் நியாயமானது. விளம்பரம் மட்டும்தான் என்றால் இருக்காது. ஆனால் பாட்டில் வீடியோக்கள், பதில் வராத கொட்டேஷன்களுக்கு மறுபடி போன், மிஷின் போய்ச் சேர்ந்த இடங்களில் படம் எடுத்து வருவது, துமகூரு சாலை பி.ஐ.இ.சி. கண்காட்சியில் ஸ்டால், இண்டியாமார்ட்டில் வருகிறவர்களை வடிகட்டுவது என்று சேர்த்தால் நேரம் போதாது. இன்று இதையெல்லாம் முதலாளி இரவு ஒன்பது மணிக்கு மேல் செய்கிறார், அல்லது செய்யாமலே விடுகிறார்.

ஏஜென்சியோ, தனி ஃப்ரீலான்சரோ, வெளியே கொடுத்தால் இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். இணையதளப் பெயர், கூகுள், ஃபேஸ்புக் விளம்பரக் கணக்குகள் எல்லாம் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் இருக்க வேண்டும். அவர்களுக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவர்கள் பெயரில் கணக்கு தொடங்கினால், பிரியும் நாளில் இரண்டு வருடத் தரவும் அவர்களோடு போய்விடும். அடுத்தது பதிப்புரிமை. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் நிறுவனத்துக்குச் சொந்தம். வெளியாள் எழுதிக்கொடுக்கும் கட்டுரைக்கும் கேட்டலாக் வாசகத்துக்கும் அப்படி இல்லை. எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தந்தால்தான் அது உங்களுடையது. அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

எல்லாருக்கும் முழுநேர ஆள்தான் சரி என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் ஒரே வழியில்தான் வருகிறார், அந்த வழி எது என்று உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவர் அதிகம் கேள்வி கேட்பதில்லை என்றால் ஏஜென்சி போதும். இதுவரை வந்த வாடிக்கையாளர்கள் எப்படி வந்தார்கள் என்று உங்களுக்கே தெரியவில்லையென்றால், இப்போது இரண்டும் வேண்டாம். பழைய பில்களை எடுத்து ஒவ்வொருவருக்கும் நீங்களே போன் போட்டுக் கேளுங்கள்.

பீன்யா நிறுவனத்துக்கு என் பதில் முழுநேர ஆள். ‘மார்க்கெட்டிங் ஹெட்’ தேவையில்லை. இரண்டு மூன்று வருட அனுபவம், கன்னடத்திலும் இந்தியிலும் கூச்சமில்லாமல் போனில் பேசும் வாய், மிஷின் பக்கத்தில் நிற்கத் தயங்காத கால்கள் போதும். விளம்பரக் கணக்கை அமைக்க ஒரு ஃப்ரீலான்சரை மணிக்கணக்கில் அமர்த்திக்கொள்ளலாம். புது ஆளை முதல் மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைக்காதீர்கள். ஷாப் ஃப்ளோரில் நிற்க வையுங்கள்.

(தொடரும்)